தையலம்மாளுக்கு வரைந்த சடை

வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் வாப்பா துணி விற்றார். நான் முகம் விற்றேன். வியாபாரம் என்னவோ ஒன்றுதான். வருகிறவர் தன்னிடம் இல்லாததைக் கேட்பார், நாம் இருப்பதுபோலக் காட்ட வேண்டும். வாப்பாவுக்கு அளவுகோல் இருந்தது. எனக்கு அதுகூடக் கிடையாது, பூஜ்யம் நம்பர் பிரஷ் ஒன்றுதான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில் உறுவையாறு சிவப்பிரகாசம் தன் மகள் தையலம்மாளை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தார். ஸ்டூடியோ இருந்த இடமே அவருடையது. ஆகவே அவர் வந்தால் நான் எழுந்து நிற்பதும், அவர் உட்கார்ந்த பிறகு உட்காருவதும் வழக்கம். பெண்ணுக்குப் பத்தொன்பது இருக்கும். முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். விளக்கு மங்கலாக எரிகிற ஊர் என்பதால் என் படங்களுக்கெல்லாம் வெளிச்சம் இடப்பக்கத்து ஜன்னல்தான். அதன் பக்கத்தில் அவளை நிறுத்தி, முந்தானையை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். நாலு விரற்கடை முடி. எண்ணெய் தடவி, வகிடெடுத்து, பின்னால் படிய வாரியிருந்தது. காதோரம் மட்டும் படியாமல் குத்திட்டு நின்றது.

"திருப்பதி," என்றார் சிவப்பிரகாசம், ஊர் பேரைச் சொன்னாலே மிச்சம் புரிந்துவிடும் என்பதுபோல.

"நல்ல காரியம்தானே. அதைச் சொல்லிட்டே படத்தைக் குடுக்கலாமே," என்றேன்.

அவர் மகளை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்தார். "எதுக்கு வேண்டிக்கிச்சுன்னு கேப்பாங்களே பாய். நான் பொழைக்கணும்னு வேண்டிக்கிச்சு. எனக்கு இன்னான்னு கேப்பாங்க. நெஞ்சு நோயின்னு ஆறு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். இப்ப சுத்தமா இல்ல, டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு. ஆனா அந்தப் பேரு வூட்டுக்குள்ள வந்தா எவன் பொண்ணு எடுப்பான்?"

மயிரில் ஆரம்பித்தால் நுரையீரலில், காசநோயில் போய் முடியும். எனக்குப் புரிந்தது.

"சடை போடணும். முன்னால எடுத்து வுட்ட மாதிரி. தொடை வரைக்கும்."

"தோளுக்குக் கீழ ஒரு சாண்," என்றேன்.

"எம்பொண்ணுக்கு முன்ன தொடை வரைக்கும் இருந்திச்சு, நான் ஒண்ணும் பொய் சொல்லல."

"இருந்தது வேற, இருக்கறது வேறங்க. நீளமா வரைய வரைய எங்க தப்பு தெரியும்னு சொல்ல முடியாது. ரெண்டு சாண்."

"இடுப்பு."

"இடுப்போட படத்தையே வெட்டிடுறேன். சடை நுனி படத்துக்கு வெளிய போயிடும். அவங்க எவ்வளவு நெனைச்சிக்கிறாங்களோ அவ்வளவு."

அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு முழம் வரைந்து ஒன்றரை முழம் விற்கிற சாமர்த்தியம் வாப்பாவுக்கே வராது. போகும்போது திரும்பி நின்றார்.

"உங்க வாயால ஒரு வார்த்தை வெளிய போவக்கூடாது பாய்."

"என் வாயால வராது."

சொல்லும்போது அது எத்தனை பெரிய பூட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

வேலையைச் சொல்கிறேன். நெகட்டிவில் பென்சில் வைத்தால் அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். தழும்பை, கண்ணடிக் கருவளையத்தை எடுக்க அது போதும். கறுப்பைக் கூட்ட வேண்டுமானால் பிரிண்டின்மேலேதான் தீட்ட வேண்டும். அதுவும் மினுங்காத தாளில்தான். பளபளப்புத் தாளில் சாயம் நிற்காமல் உருண்டு ஓடும். முதலில் காதோரம் குத்திட்ட முடிகளை அடக்கினேன். வகிட்டிலிருந்து நெற்றிப்பொட்டு வழியாகக் காதுக்குப் பின்னால் போகிற திசையில் இழை இழையாக இழுத்தேன். முடி எங்கே முளைக்கிறதோ அங்கே பிரஷ் அழுந்த வேண்டும், முடிகிற இடத்தில் தூக்கிவிட வேண்டும். திசை ஒரு நூல் மாறினால் தலைமேல் வைக்கோல் வைத்தது போலாகிவிடும்.

பிறகு சடை. வலது தோள்மேல் எடுத்துவிட்டதுபோல, படத்தில் ஜன்னல் பக்கமாக. சாம்பல் நிறத்தில் மொத்த உருவத்தையும் லேசாகப் பூசி, பின்னல் ஒன்றின்கீழ் ஒன்று நுழைகிற பள்ளங்களில் கறுப்பை இறக்கினேன். ஒவ்வொரு பின்னலின் புடைப்பிலும் ஜன்னலைப் பார்க்கிற பக்கத்தைக் கொஞ்சம் வெளிறியபடியே விட்டேன். அங்கே பிளேடு முனையால் ஓரிரண்டு இழை சுரண்டினால் எண்ணெய் மினுக்கு வந்துவிடும். சடையின் நிழல் மறுபக்கம், ரவிக்கைமேல் விழ வேண்டும். அவள் மூக்கின் நிழலும் அந்தப் பக்கம்தான் விழுந்திருந்தது. கடைசியாக ஓரத்தில் அங்கங்கே பிசிறு முடி. பிசிறு இல்லாத சடை கத்தரித்து ஒட்டிய காகிதம். எல்லாம் ஆனபின் அந்தப் பிரிண்டையே மறுபடி படம் பிடித்தேன். புது நெகட்டிவில் பூச்சும் படமும் ஒன்றாகிவிட்டன. பெற்ற தாய் பார்த்தாலும் எது தலை, எது பிரஷ் என்று சொல்ல முடியாது.

படம் பண்டசோழநல்லூருக்குப் போனது. அங்கே விருத்தாம்பாள் என்ற அம்மாவுக்கு மணவாளன் என்று ஒரே மகன். பம்ப்செட் ரிப்பேர் பார்ப்பவன். இரண்டே வாரத்தில் தை மாதத்துக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தபோது தையலம்மாள் முந்தானையை எடுக்கவில்லையாம். அடக்கமான பெண் என்று பேர் கிடைத்திருக்கிறது. சிவப்பிரகாசம் எனக்கு ஒரு கூடை மல்லாட்டைக் கடலை அனுப்பினார். தின்று முடிக்கும்வரை நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசியில் விருத்தாம்பாள் பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"நீங்கதான் அந்தப் படத்தை எடுத்த பாயா? பின்னாடி உங்க முத்திரை இருக்குது." மடியிலிருந்து படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இந்தச் சடை எங்க முடியுது?"

"இன்னாம்மா?"

"படத்துல காணல. எங்க முடியுதுன்னு கேக்கறேன். எங்க அம்மா வூட்டுச் சடைநாகம் எங்கிட்ட இருக்குது. தங்கம். ஒம்போது பில்லை. வர்ற மருமவளுக்குப் பூட்டணும். சடை இன்னும் நீளமா இருந்தா பில்லை சேக்கணுமாம். பத்தர் பச்சையப்பன் அளவு கேக்கறாரு. பொண்ணு வூட்டுல போயி மயிரை அளக்கவா முடியும்? அதான் உங்ககிட்ட வந்தேன்."

நான் வரைந்த சடைக்கு அவர் தங்கத்தில் உறை போடப் போகிறார். நாலு விரற்கடை முடியில் சவுரி முடிவதே கஷ்டம். தங்க நாகத்தைத் தொங்கவிட்டால் மணவறையிலேயே கழன்று ஐயர் மடியில் விழும்.

"ரொம்ப நீளம்னு சொல்ல முடியாது," என்று ஆரம்பித்தேன்.

"இடுப்புக்கு வந்தும் தடிமன் கொறையலியே. எனக்கு மூணு பொண்ணு. வாரி வாரிக் கை தேஞ்சவ நான். இடுப்புலயே இந்தத் தடி இருந்தா முழங்கா வரைக்கும் போவும்."

அவர் சொன்னது சரி. சடை போகப் போக மெலிய வேண்டும். வெட்டப்போகிற படம்தானே என்று நான் மெலிய விடவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்த இடத்திலேயே மாட்டினேன்.

"உங்க கேமராக் கண்ணாடியில முழுசாத்தான வுழுந்திருக்கும்? அதைப் பெரிசு பண்ணி, சடை நுனி தெரியற மாதிரி ஒரு படம் குடுங்க. வூட்டுல மாட்டறதுக்கும் ஆச்சு, பத்தருக்கு அளவும் ஆச்சு."

"நேரம் ஆவும்மா."

"ஆவட்டும். வர்ற வெள்ளிக்கெழம வரேன்."

எங்கள் கடைத்தெருவில் நேரம் ஆகும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அவருக்கு அது தெரியாதிருக்காது.

சிவப்பிரகாசத்துக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், கேட்டார், வெளுத்தார். "வரைஞ்சி குடுத்துடுங்க. முழங்கால்னாங்களா? முழங்காலே போடுங்க."

"கல்யாணத்தன்னைக்கு?"

"அன்னைக்குப் பாத்துக்கலாம்."

"தங்கத்தை எதுல மாட்டுவாங்க, என் பிரஷ்ஷிலயா?"

"பாய், அவங்ககிட்ட நீங்க சொல்லிட்டா நான் போயிடுவேன். போறதுன்னா எங்கன்னு கேக்காதீங்க," என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். வெறும் இருமல்தான். ஆனால் நான் அந்த இருமலோடு பேரம் பேச முடியுமா? தலையை ஆட்டினேன்.

மறுநாள் பகலில் தையலம்மாளே வந்தாள். கூட வந்த சித்தி சின்னபொண்ணை வளையல் கடையில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த பெரிய பிரிண்டைப் பார்த்தாள். முழு நெகட்டிவிலிருந்து எடுத்தது, இன்னும் கை வைக்காதது. குட்டை முடியோடு அவளே நின்றாள்.

"இதைக் குடுத்துடுங்க பாய். நான் அவருக்கே அனுப்பிக்கறேன்."

"முடியாது தங்கச்சி. உங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், என் வாயால வராதுன்னு. படத்தைக் குடுத்தா வாயால சொன்னது போலத்தான்."

"அவரு பொய்யின்னு தெரியாம தாலி கட்டுவாரு. அன்னைக்கு ராத்திரி முந்தானையை எடுப்பேன். அப்பறம் நான் எந்தப் பக்கம் போறது? அங்கயும் இருக்க முடியாது, இங்க வந்தா அப்பா உசுரோட இருக்க மாட்டாரு." அழவில்லை. கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "அப்பாவுக்காகத்தான் முடியைக் குடுத்தேன். இப்ப அதுவே அப்பாவுக்கு ஆவல."

நான் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த பிரஷ்.

"சரி. நீங்க சொல்ல வேணாம்," என்றாள். "தப்பா வரைங்க."

"இன்னாது?"

"பாத்தா தெரியற மாதிரி. வாயால வரக்கூடாதுன்னுதான அப்பா கேட்டாரு? கையால வரக்கூடாதுன்னா கேட்டாரு?"

வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பெண்ணைக் கல்லாவில் உட்கார வைத்திருப்பார்.

சரியாக வரைந்தே பழகிய கைக்குத் தப்பாக வரைவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம் தெரிந்தது. இழையின் திசையை மாற்றப் பார்த்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை, தானாக வகிட்டிலிருந்து காதுக்கே போயிற்று. சரி, வெளிச்சத்தை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். ஜன்னல் இடப்பக்கம். ஆனால் ஒவ்வொரு பின்னலின் மினுக்கையும் வலப்பக்கம் சுரண்டினேன். சடையின் நிழலை ஜன்னல் இருக்கிற பக்கமே விழ வைத்தேன். மூக்கின் நிழல் ஒரு பக்கம், சடையின் நிழல் எதிர்ப்பக்கம். சடை முழங்காலைத் தொட்டது. என் மனைவி சபுரா சாப்பாடு கொண்டு வந்தவள் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, கண்ணு டாக்டரைப் பாக்கறீங்களா?" என்றாள். மனசு லேசாயிற்று. சபுராவுக்கே தெரிகிறதென்றால் எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை விருத்தாம்பாள் மகனோடு வந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கி, வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு முகம் படிக்கத் தெரியும். இந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நல்லா இருக்குது," என்றார். "முழங்கா வரைக்கும். நான் சொன்னேன் இல்ல?"

"வெளிச்சம் கொஞ்சம்..." என்றேன்.

"வெளிச்சத்துக்கு இன்னா? பளபளன்னு இருக்குது. மணவாளா, நான் பத்தரைப் போயிப் பாத்துட்டு வரேன். நீ படத்தைப் பத்திரமா கட்டி வாங்கிட்டு வா."

போய்விட்டார். தப்பாக வரைந்ததும் விற்றுவிட்டது. இனி நான் சடைக்குப் பதில் கயிறு வரைந்தாலும் பளபளப்பு என்பார்கள்.

மணவாளன் மட்டும் நகரவில்லை. மோட்டாரில் எங்கே சத்தம் வருகிறது என்று காது வைப்பவன்போலப் படத்தின்மேல் குனிந்திருந்தான்.

"பாய், உங்க ஸ்டூடியோல ஜன்னல் எத்தினி?"

"ஒண்ணு."

"மூஞ்சிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து வெளிச்சம் வருது. சடைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வருது."

நான் வாயைத் திறக்கவில்லை.

"சடையை மட்டும் வேற ஊர்ல எடுத்தீங்களா?"

திறக்கவில்லை. இந்தப் பெரிய படத்தை நான் மறுபடி படம் பிடிக்கவில்லை, ஒரே பிரதி என்பதால். பூச்சு தாளின்மேலேயே இருந்தது. தண்ணீரில் கரைகிற சாயம். மேஜைமேல் இருந்த பஞ்சைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, அவன் கையில் வைத்தேன். பிறகு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சிவப்பு பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயால் வரவில்லை, வாயால் வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது பஞ்சு கறுத்திருந்தது. படத்தில் தையலம்மாள் குட்டை முடியோடு நின்றாள். ரவிக்கைமேல் சாம்பல் கறை கொஞ்சம் மிச்சம். சுரண்டிய இழைகள் மட்டும் போகாது. அவை தாளிலேயே வெட்டியவை. சடை இல்லாத இடத்தில் சடையின் மினுக்கு மட்டும் வெள்ளைக் கீறல்களாக முழங்கால் வரை இறங்கியிருந்தது.

மணவாளன் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"காது நல்லா இருக்குது," என்றான். பிறகு, "ஏன் முடியைக் கொறைச்சிது?"

"அதை அதுகிட்டயே கேளு தம்பி."

"கேக்கறேன்." படத்தைக் கையில் எடுத்தான். "அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. நாகம் நாகம்னு ஒரு மாசமா அதே பேச்சு. படத்துல தண்ணி கொட்டிடிச்சின்னு சொல்லிக்கறேன். நீங்க வாயைத் தொறக்காதீங்க."

தலையை ஆட்டினேன்.

அவன் உறுவையாற்றில் மோட்டார் பார்க்கிற சாக்கில் போய்க் கேட்டிருக்கிறான். அவள் திருப்பதியிலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன், "சரி," என்றானாம். அந்த ஒரு வார்த்தையைச் சின்னபொண்ணு எனக்கு வளையல் கடை வாசலில் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் விருத்தாம்பாள் தனியாக வந்தார். நனைந்து காய்ந்த படத்தை மடியிலிருந்து எடுத்து விரித்தார். தண்ணீர் கொட்டியது என்று மகன் சொன்னானாம்.

"தண்ணி கொட்டினா சடை மட்டும் எப்படிப் போவும்? கம்மலு அப்படியே இருக்குது," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பழகிவிட்டது.

"சொல்ல வேணாம். மொத படத்துலயே சந்தேகம்தான், இந்தத் தடிமன்ல ஒரு சடையான்னு. பெரிய படத்துல வெளிச்சம் மாறி அடிச்சப்ப தெரிஞ்சிடிச்சு. அவன் கண்டுபுடிக்கறானான்னு பாக்கத்தான் வுட்டுட்டுப் போனேன். கண்டுபுடிச்சிட்டு எங்கிட்ட மறைக்கறான் பாரு, அப்பவே பொண்ணு புடிச்சிப் போச்சின்னு அர்த்தம். பொண்ணோட அப்பாவுக்கு இன்னான்னும், அது எதுக்கு முடியைக் குடுத்திச்சுன்னும் விசாரிச்சிட்டேன். எங்க வூட்டுக்காரரும் அந்த நோயிலதான் போனாரு. அவருக்காவ நான் தலைமுடியைக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரோ இன்னவோ. அப்ப தோணல."

முந்தானையால் மேஜையைத் துடைத்தார், அது அழுக்காக இல்லாவிட்டாலும்.

"இப்ப இன்னா பண்ணனும்னா, மறுபடி வரைங்க. இந்தத் தடவ இடுப்பு வரைக்கும் போதும். பின்னால முடி வளந்து எட்டிப் புடிக்கணுமில்ல? போவப் போவ மெலியட்டும். வெளிச்சம் ஒழுங்கா ஜன்னல் பக்கம் இருக்கட்டும். சடைமேல நாகத்தையும் வரைஞ்சிடுங்க, ஒம்போது பில்லை. கல்யாணத்தன்னைக்குப் பூச்சடையைத் தலையோட சுத்திக் கட்டிக்கலாம், அது கனமில்ல. வர்ற சனம் அப்பறம் செவுத்துல படத்தைப் பாத்துக்கட்டும்."

"தொடை வரைக்கும் போட்டா நாகம் நல்லா எடுப்பா..." என்று பழக்கத்தில் வாய் போனது.

"இடுப்பு," என்றார். பேரம் முடிந்தது. வாசலில் நின்று திரும்பினார். "எனக்குத் தெரியும்னு சம்பந்திக்குத் தெரிய வேணாம், மனுஷன் கூனிப் போயிடுவாரு. அவனுக்கும் தெரிய வேணாம். அம்மாவ ஏமாத்திட்டேன்னு சந்தோஷமா இருக்கான், இருந்துட்டுப் போறான்."

வரைந்தேன். ஒன்பது பில்லைக்கும் ஜன்னல் பக்கம் ஒரு சுரண்டல். நாலாவது பில்லை தீட்டும்போது சிவப்பிரகாசம் வந்து எட்டிப் பார்த்தார். "அவங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லியே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஒரே ரகசியத்தை மூன்று பேர் மூன்று பூட்டு போட்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் உள்ளே இருப்பது தெரியும். நான் மட்டும் வெளியே வர முடியாது.

தை மாதம் கல்யாணத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாக நின்றார்கள். சிவப்பிரகாசம் சம்பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விருத்தாம்பாள் மகனின் முகத்தை. மகன் தன் அம்மாவை. பூச்சடை தலையில் இறுக்கமாக நின்றது. நான் துணியை விலக்கி, தையலம்மாளின் தோளைக் கொஞ்சம் திருப்பச் சொல்லிக் கிட்டே போனேன்.

"பாய்," என்றாள் உதடு அசையாமல், "இந்தப் படத்துலயாவது ஒண்ணும் வரையாதீங்க."

பின்னாலிருந்து விருத்தாம்பாள், "பூவுக்குக் கீழ கொஞ்சம் முடி தெரியற மாதிரி இருக்கட்டும் பாய், நான் சொன்னேன் இல்ல," என்றார். அந்தப் பக்கம் சிவப்பிரகாசம், வரைந்துவிடும்படி எனக்குக் கண் காட்டினார்.

தையலம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கறுப்புத் துணிக்குள் போனேன்.